குடிக்கிறவரின் வீட்டாருக்கு ஒரு வட்டம்: யாரும் புத்தி சொல்லாத இடத்தில் என்ன கிடைக்கிறது?

குடிக்கிற ஒருவர் இருக்கும் வீட்டுக்குப் புத்தி சொல்ல ஆள் தேடவேண்டியதில்லை. மாமியார் ஒன்று சொல்வார், மச்சாள் வேறொன்று சொல்வார், பங்குத்தந்தை பொறுமையாக இரு மகளே என்பார், கதிர்காமத்துக்கு நேர்த்தி வை என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்வார், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதலில் அந்த வீட்டை விட்டு வெளியே வா என்று கனடாவில் இருக்கும் அக்கா போனில் கத்துவார். எல்லோரும் அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் இத்தனை பேர் இத்தனை வருடமாகச் சொல்லியும் அந்தப் பெண் இரவு பதினொரு மணிக்கு ஜன்னலோரம் நின்று, ஒழுங்கைக்குள் திரும்பும் ஒவ்வோர் ஓட்டோ சத்தத்துக்கும் காது கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

நான் எழுதப் போவது அந்தப் பெண்ணுக்கான ஒரு குழுவைப் பற்றி. குடிக்கிறவருக்கான குழு வேறு, அதைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். இது அவருடைய மனைவிக்கும் அம்மாவுக்கும் மகனுக்கும் தங்கைக்கும் உரியது. ஒரே மாதிரியான வீடுகளில் இருந்து வருகிறவர்கள் வாரம் ஒருமுறை ஒரு மணித்தியாலம் வட்டமாக உட்கார்ந்து கதைப்பார்கள், அவ்வளவுதான். வைத்தியர் இல்லை, ஆலோசகர் இல்லை, கட்டணம் இல்லை. இப்படியொரு குழுவில் நான் நெடுநாள் உட்கார்ந்திருக்கிறேன். எந்தக் குழு, எந்தத் தெரு, யார் யார் என்று சொல்லமாட்டேன், ஏன் என்பது கீழே விளங்கும்.

இந்த முறை எப்படி வந்தது என்று தெரிந்தால் இதன் குணம் புரியும். அமெரிக்காவில் 1935-ல் குடியை விட முயன்ற இரண்டு ஆண்கள் சேர்ந்து தொடங்கியதுதான் ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அதில் ஒருவரான பில் வில்சனின் மனைவி பெயர் லோயிஸ். அவர் பல வருடங்கள் வேலைக்குப் போய்ச் சம்பாதித்து, குடித்து விழுந்த புருசனைத் தூக்கி, இன்றைக்கு விடுவார் நாளைக்கு விடுவார் என்று காத்திருந்தவர். கடைசியில் அவர் குடியை விட்டார், ஆனால் மனைவி சொன்னதற்காக விடவில்லை, இன்னொரு குடிகாரரோடு கதைத்துக் கதைத்து விட்டார். சந்தோஷப்படவேண்டிய லோயிஸுக்கு அந்த நேரத்தில்தான் தாங்கமுடியாத கோபம் வந்தது. ஒரு நாள் கணவர் கூட்டத்துக்குப் போவோம் என்று கூப்பிட்டபோது கையில் இருந்த சப்பாத்தை அவர்மேல் வீசி எறிந்தார். பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான், தன் வாழ்க்கை முழுக்க அந்த மனுசனின் குடியைச் சுற்றியே நடந்திருக்கிறது, குடி போனதும் தனக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை என்று அவருக்குப் பட்டது. கணவன்மார் உள்ளே கூட்டம் நடத்த, வெளியே காத்திருந்த மனைவிமார் தங்களுக்குள் கதைக்கத் தொடங்கினார்கள். அப்படிப் பல ஊர்களில் தானாக முளைத்த குழுக்களை லோயிஸும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து 1951-ல் அல்-அனான் என்ற பெயரில் ஒன்றாக்கினார்கள். குடியில் இருந்து மீள ஏ.ஏ. வகுத்து வைத்திருந்த பன்னிரண்டு படிகளையே கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது, கணவர் குடியை விட்ட பிறகும் மனைவிக்கு ஒரு குழு தேவைப்பட்டது என்பது. முதல்முறை வருகிற எல்லோரும், விதிவிலக்கே இல்லை என்று சொல்வேன், ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "அவரைக் குடியை விட வைக்க நான் என்ன செய்யணும்?" அந்தக் கேள்விக்கு அந்த அறையில் பதில் கிடைக்காது. இதைத் தெரியாமல் போகிறவர்களில் நிறையப் பேர் இரண்டாம் வாரம் வருவதில்லை. அதனால்தான் குறைந்தது ஆறு கூட்டமாவது வந்து பார்த்துவிட்டு உங்களுக்குச் சரிவருமா என்று தீர்மானியுங்கள் என்று அல்-அனானில் வழக்கமாகச் சொல்வார்கள்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது?

பிளாஸ்டிக் கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருக்கும். அன்றைக்கு நடத்துகிறவர் வழமையான தொடக்க வாசகத்தை வாசிப்பார், அவரும் உறுப்பினர்தான், அந்தப் பொறுப்பு ஆள் மாறி மாறி வரும். இங்கே கேட்டது இங்கேயே இருக்கட்டும் என்பார். பிறகு ஒரு தலைப்பு: பயம், பணம், பொய் சொல்வது, இப்படி ஏதாவது. விரும்பியவர் தன் முதல் பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கதைப்பார், ஆளுக்கு மூன்று நாலு நிமிடம். கதைக்க விருப்பமில்லை என்றால் "நான் இன்றைக்குக் கேட்டுக்கொண்டு இருக்கிறேன்" என்று சொன்னால் போதும், யாரும் வற்புறுத்தமாட்டார்கள். கடைசியில் ஒரு கூடை சுற்றி வரும், மண்டபத்துக்கும் தேத்தண்ணிக்கும் இயன்றதைப் போடலாம், போடாமலும் விடலாம். வெளியார் யாரிடமும் பண உதவி வாங்குவதில்லை என்பது கண்டிப்பான வழக்கம்.

இத்தனையிலும் முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. ஒருவர் கதைக்கும்போது குறுக்கே கதைக்கக்கூடாது, முடிந்த பிறகும் அவருக்குப் பதில் சொல்லக்கூடாது. "நீங்க இப்பிடிச் செய்து பாருங்கோ" கிடையாது. "ஐயோ பாவம்" கிடையாது. அடுத்தவர் தன்னைப் பற்றி மட்டும்தான் கதைப்பார். முதல் இரண்டு மூன்று தடவை இது ஒரு கல்நெஞ்சுக் கூட்டம் என்றே தோன்றும். ஒரு பெண் அழுது முடிக்கிறார், எல்லோரும் "நன்றி" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்கிறார்கள். எங்கள் சனத்துக்கு இது பழக்கமே இல்லை, யாராவது அழுதால் ஓடிப்போய்த் தோளில் கை வைத்து நாலு வார்த்தை சொல்லாவிட்டால் நமக்குக் கை சும்மா இருக்காது.

ஆனால் அந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். புத்தி சொன்னால் அதைச் செய்தாயா என்று அடுத்த வாரம் கேட்கவேண்டி வரும். செய்யாதவள் வெட்கப்பட்டு வராமல் நின்றுவிடுவாள். விட்டுவிட்டு வா என்று சொன்ன ஒருத்தியும் பொறுத்துப்போ என்று சொன்ன இன்னொருத்தியும் மோதிக்கொள்வார்கள். வீட்டில் ஏற்கெனவே நடப்பதுதான் மண்டபத்திலும் நடக்கும். யாரும் பதில் சொல்லமாட்டார்கள் என்று நிச்சயமாகத் தெரியும்போதுதான், இதுவரை யாரிடமும் சொல்லாததை ஒருவரால் முழுதாகச் சொல்லமுடிகிறது. சொல்லிக்கொண்டு போகும்போது, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தன் காதாலேயே கேட்கமுடிகிறது.

ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். ஆளைத் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன், நடந்த விதம் மட்டும் அப்படியே. கொட்டாஞ்சேனையில் இருக்கிற ஓர் அக்கா. கணவர் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறவர். நல்ல மனுசன், கணக்கில் கெட்டிக்காரர். சம்பளம் வந்த வாரமும் அதற்கடுத்த வாரமும் சாராயம். போயாவுக்கு முதல்நாள் பின்னேரம் எப்படியும் போத்தல் வீட்டுக்கு வந்துவிடும், அடுத்த நாள் கடை பூட்டு அல்லவா. அப்படிக் குடித்த பிறகு ஒரு நாளோ இரண்டு நாளோ வேலைக்குப் போகமாட்டார். அந்தக் காலையில் அக்காதான் முதலாளிக்குப் போன் எடுப்பார். காய்ச்சல், வயிற்றோட்டம், ஊரில் ஒரு செத்தவீடு. எந்த மாதம் எந்தக் காரணம் சொன்னோம் என்பதை மறக்காமல் இருக்க, மகளின் பழைய கொப்பி ஒன்றின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். மூலைக்கடையில் புருசன் வாங்கிய கடனையும் இவர்தான் கட்டினார், அதற்குத் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகில். இரவில் புருசன் தூங்கிய பிறகு போத்தலை எடுத்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது, லேபலில் பேனையால் ஒரு சின்னக் கோடு போட்டு வைப்பது, சில நாள் கொஞ்சத்தை ஊற்றிவிட்டுத் தண்ணீர் கலப்பது.

அவர் முதல் நாலைந்து வாரமும் வாய் திறக்கவில்லை. பிறகொரு நாள் வேறோர் அம்மா, மகனுக்காக வருகிறவர், வயதில் பெரியவர், "நான் போத்தலில் கோடு போட்டுப் போட்டு, கோடு போட இடமில்லாமப் போச்சு" என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனார். கொட்டாஞ்சேனை அக்கா அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் கண்டேன். அவரைப் பொறுத்தவரை அந்தக் கோடு உலகத்தில் அவர் ஒருவர் மட்டும் செய்கிற வேலை, புருசனுக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது, பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது அந்த அம்மாவிடம் போய், "நானும் அக்கா" என்று மட்டும் சொன்னார். நீங்கள் தனி ஆள் இல்லை என்று ஆயிரம் பேர் ஆறுதல் சொல்லலாம். அது இப்படி ஒரு பேனைக்கோடு வரைக்கும் ஒத்துப்போகும்போதுதான் மனம் நம்புகிறது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். அந்த வட்டத்தில் அடிக்கடி சொல்லப்படுகிற மூன்று வசனங்கள் உண்டு: இதை நான் உண்டாக்கவில்லை, என்னால் இதைக் கட்டுப்படுத்தமுடியாது, என்னால் இதைக் குணப்படுத்தமுடியாது. அக்காவுக்கு முதலாவது ஆறுதலாக இருந்தது, இரண்டாவதும் மூன்றாவதும் கோபத்தைக் கிளப்பின. அப்படியென்றால் நான் இத்தனை நாள் பார்த்த வேலை? அந்தக் கேள்வியில் இருந்து அவர் ஒரேயொரு விடயத்தைத் தேர்ந்தெடுத்தார். முதலாளிக்குப் போன் எடுப்பதில்லை. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. வேறு மூன்று பேர் தாங்கள் அதை எப்படி நிறுத்தினோம், நிறுத்தியபோது வீட்டில் என்ன நடந்தது என்று வெவ்வேறு வாரங்களில் சொன்னதைக் கேட்டுத் தானே எடுத்த முடிவு.

அதைச் செய்த விதத்தைக் கவனியுங்கள். குடித்திருக்கும்போது சொல்லவில்லை. தெளிவாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, சண்டை தொனி இல்லாமல், "இனிமேல் நீங்க வேலைக்குப் போகாட்டி நான் போன் எடுக்கமாட்டேன், நீங்கதான் எடுக்கணும்" என்று ஒரே வசனம். காரணம் சொல்லவில்லை, குடியைப் பற்றிப் பேசவுமில்லை. புருசன் சிரித்தார். அடுத்த சம்பள வாரத்தில் வழமைபோல எழும்பவில்லை. காலை எட்டரைக்கு முதலாளியே அழைத்தார். அக்கா போனைக் கொண்டுபோய் புருசனின் தலைமாட்டில் வைத்துவிட்டு வெளியே வந்து சமையலைப் பார்த்தார். அன்றைக்குக் கை நடுங்கி வெங்காயம் வெட்டமுடியவில்லை என்று பிறகு வட்டத்தில் சொன்னார்.

என்ன நடந்தது? முதல்மாதம் இரண்டு நாள் சம்பளம் வெட்டினார்கள். வீட்டில் பெரிய சத்தம், மாமியார் வந்து நீ என்ன பெண்சாதி என்று கேட்டார். வேலை போகுமோ என்று அக்காவுக்குத் தூக்கமில்லை. இரண்டாம் மாதம் புருசனே போன் எடுத்து ஏதோ பொய் சொல்லிக்கொண்டார். குடி நிற்கவில்லை. இதை எழுதும்போதும் அவர் குடிக்கிறார். ஆனால் அக்கா அந்தக் கொப்பியைக் கிழித்துப் போட்டார், மூலைக்கடைக்காரரிடம் போய் இனி நான் கட்டமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார், கடைக்காரரும் கடன் கொடுப்பதைக் குறைத்தார். புதிய அடகு வைக்கவில்லை. ஓ.எல். எழுதும் மகள் அம்மா இப்ப முந்தி மாதிரிச் சத்தம் போடுவதில்லை என்று சித்தியிடம் சொன்னாளாம். கோடு போடுவதை எப்போது விட்டார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

சிலர் இதைக் கேட்டுவிட்டு, அப்ப புருசனைக் கைகழுவி விடச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை. அவர் செய்யவேண்டியதை அவருக்காகச் செய்வதை நிறுத்துவது வேறு, ஆளையே விட்டுவிடுவது வேறு. வெறியில் மல்லாந்து விழுந்து கிடக்கிற ஆளை ஒருக்களித்துப் படுக்க வைக்கத்தான் வேண்டும், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிர் போகும். மூச்சு மிக மெதுவாகவோ விட்டுவிட்டோ வந்தால், எழுப்பியும் எழும்பாவிட்டால், உடனே ஆஸ்பத்திரி. அந்த இடத்தில் விலகி நிற்பதென்ற பேச்சே இல்லை.

இந்த முறையைப் பற்றி ஆய்வு என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், இது குழுவுக்குப் பெருமை சேர்க்கிற எண் இல்லை என்பதால்தான் சொல்லவேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் மில்லர், மேயர்ஸ், டோனிகன் என்ற மூவர் 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு வர மறுக்கிற குடிகாரர்களின் வீட்டார் 130 பேர். அவர்களை மூன்றாகப் பிரித்து மூன்று விதமான ஆலோசனை கொடுத்தார்கள். ஒன்று அல்-அனான் வழியை ஒட்டியது. இன்னொன்று, குடும்பம் எல்லாம் சேர்ந்து குடிக்கிறவரை உட்காரவைத்து நேருக்கு நேர் கதைப்பது. மூன்றாவது கிராஃப்ட் என்ற பயிற்சி, குடிக்காத நேரத்தில் எப்படி நடந்துகொள்வது, எந்தத் தருணத்தில் சிகிச்சை பற்றிப் பேச்செடுப்பது என்று வீட்டாருக்குப் படிப்படியாகச் சொல்லிக் கொடுப்பது. குடிக்கிறவர் கடைசியில் சிகிச்சைக்கு வந்தாரா என்று பார்த்தபோது, கிராஃப்டில் 64 வீதம், குடும்பமாகச் சேர்ந்து கதைத்ததில் 30 வீதம், அல்-அனான் வழியில் 13 வீதம்தான்.

ஆனால் அதே ஆய்வில், வந்த வீட்டாரின் சொந்த மனநிலை, கோபம், சோர்வு, உறவு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் மூன்று வழிகளிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு நன்றாக மாறியிருந்தது. கொட்டாஞ்சேனை அக்காவின் வீட்டில் நான் கண்டதும் இதுதான். குடிக்கிறவரைச் சிகிச்சைக்கு அனுப்புவது உங்கள் முதல் நோக்கமாக இருந்தால் குழுவை மட்டும் நம்பி இருக்காதீர்கள், அந்தப் பயிற்சி தெரிந்த ஆலோசகரையோ வைத்தியரையோ தேடுங்கள். கொழும்பில் சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர குடி, போதைப் பழக்கம் உள்ளவர்களோடும் அவர்களின் வீட்டாரோடும் வேலை செய்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் கதைக்கலாம். உங்கள் தூக்கமும் உங்கள் நிதானமும் திரும்பவேண்டும் என்றால் வட்டத்துக்கு வாருங்கள். இரண்டையும் செய்வதற்கு ஒரு தடையும் இல்லை.

குழுவில் தீர்க்கமுடியாத மூன்று விடயங்கள் இருக்கின்றன, மூன்றிலும் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

நெடுநாள் தினமும் நிறையக் குடித்தவர் வீம்புக்கோ நேர்த்திக்கோ திடீரென்று நிறுத்துவது. வீட்டார் சந்தோஷப்பட்டு அறையில் பூட்டியும் வைப்பார்கள். கடைசிக் குடிக்குப் பிறகு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளில் இருந்து நாலாம் நாள் வரைக்கும் ஆள் குழம்பிப்போய், இல்லாத ஆட்களைக் கண்டு, உடம்பு நடுங்கி வியர்த்து, காய்ச்சலும் சேர்ந்தால் அது மரணம் வரைக்கும் போகக்கூடியது. இதற்கு மருந்து இருக்கிறது, ஆஸ்பத்திரியில் வைத்தியர் பார்வையில் நிறுத்தினால் பயமில்லாமல் கடக்கலாம். கை நடுக்கம் காலையிலேயே தொடங்கி ஒரு கிளாஸ் உள்ளே போனதும் அடங்குகிற ஆள் என்றால், வீட்டில் நிறுத்த விடாதீர்கள்.

இரண்டாவது, அடி. வீட்டில் கை நீள்கிறதென்றால் வட்டத்தில் சொல்லலாம், சொல்வது நல்லது, ஆனால் வட்டம் உங்களைக் காப்பாற்றாது. பெண்களுக்கான 1938 என்ற இலக்கம், பொலிஸ் 119, வீட்டு வன்முறையைத் தடுக்கும் 2005-ம் ஆண்டின் 34-ம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை, இவைதான் அதற்கு உரியவை. போன் எடுக்காமல் விடுவது போன்ற முடிவுகளையும் அடிக்கிற வீட்டில் அப்படியே செய்து பார்க்கக்கூடாது, முதலில் நீங்களும் பிள்ளைகளும் எங்கே பத்திரமாக இருப்பீர்கள் என்பது தீரவேண்டும்.

மூன்றாவது, அந்தத் தூள். கறியில் கலந்து கொடுங்கள், அவருக்குத் தெரியாமலே குடியை விட்டுவிடுவார் என்று யாராவது சொல்வார்கள், சில நேரம் குழுவுக்கு வருகிற ஆளே காதில் சொல்வார். இப்படித் தெரியாமல் கொடுக்கப்படுவதில் டைசல்ஃபிரம் என்ற மருந்தும் உண்டு. மதுவை உடம்பு உடைக்கும் வழியை அது பாதியில் மறித்துவிடுகிறது, அதனால் குடித்தவுடன் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் விழும், இதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம். கடைசியாகக் கொடுத்து இரண்டு கிழமை வரைக்கும்கூட அதன் வேலை உடம்பில் இருக்கும். வைத்தியர், குடிக்கிறவரிடம் விளக்கி, அவர் சம்மதித்து எடுக்கும்போது அது நல்ல மருந்து. தெரியாமல் கொடுப்பது நஞ்சு வைப்பதுபோலத்தான்.

குழுக்களும் கெட்டுப்போகும். அது ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால் உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரிவது கடினம். நான் கண்டதில் முதலில் கெடுவது நேரம். ஒருவர் இருபது நிமிடம் எடுப்பார், பாவம் அவருக்கு இன்றைக்குக் கஷ்டம் என்று விடுவார்கள், அடுத்த வாரமும் அவரே. மெல்ல மெல்ல மற்றவர்கள் அவருடைய வீட்டுத் தொடர்கதையைக் கேட்க வருகிற ஆட்களாக மாறிவிடுவார்கள். இன்னோர் இடத்தில் நன்றாகக் கதைக்கிற ஒருவர் நிரந்தர நடத்துநர் ஆனார், அவரைக் கேட்காமல் யாரும் ஒன்றும் செய்யமுடியாத நிலை வந்தது. பொறுப்பு ஆள் மாறுவது நின்றுபோன குழுவில் நான் இருக்கமாட்டேன். பிறகு பணம். சீட்டுப் பிடிப்பது எங்களுக்கு இரத்தத்தில் ஊறியது, வாரம் தவறாமல் சந்திக்கிற பத்துப் பெண்கள் இருந்தால் யாராவது சீட்டுத் தொடங்குவார்கள். கட்டமுடியாத ஒருத்தி அதன்பின் வட்டத்துக்கும் வரமாட்டாள், அவளுக்குத்தான் அந்த வட்டம் மிக அவசியமாக இருந்திருக்கும்.

இதைவிட நுட்பமான கேடு ஒன்று இருக்கிறது: ஒப்பீடு. "இவட புருசன் அடிக்கிறார், எங்கட ஆள் குடிச்சாலும் கையை ஓங்கினதில்லை" என்று நினைத்து ஆறுதல்பட்டுக்கொள்வது. அது கொஞ்ச நாளைக்கு நெஞ்சை இலேசாக்கும், ஆனால் அடுத்த வீட்டின் மோசத்தை அளவுகோலாக வைத்து தன் வீட்டில் எதையும் மாற்றாமல் இருக்கப் பழகிவிடுவோம். கூட்டம் முடிந்து வரும்போது மனதில் மற்றவர்களின் கணவர்மாரைப் பற்றிய செய்திதான் நிரம்பியிருக்கிறதா, அல்லது நான் இந்த வாரம் செய்கிற ஒன்றைப் பற்றிய யோசனை இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதும் முதலாவதுதான் என்றால் அந்தக் குழு புலம்பல் கூட்டமாகிவிட்டது.

கொழும்பில் தமிழ் ஆட்களுக்கு இதில் தனியான சங்கடங்கள் இருக்கின்றன. பெரிய நகரம்தான், ஆனால் வெள்ளவத்தையில் ஒரு மாடிக்கட்டடத்தில் குடியிருப்பவருக்கும் வத்தளையில் இருப்பவருக்கும் நடுவில் ஊர் வழியிலோ பள்ளிக்கூட வழியிலோ யாராவது ஒருவர் பொதுவாக இருப்பார். மகளுக்குக் கலியாணம் பேசுகிற நேரத்தில் அப்பா குடிகாரர் என்று வெளியே போனால் என்ன ஆவது என்ற பயம் வீணான பயம் இல்லை. முதல் பெயர் மட்டும் சொல்வது அமெரிக்காவில் போதுமாக இருக்கலாம், இங்கே முகமே போதும். அதனால் பலர் தங்கள் பகுதியை விட்டு வேறு பகுதிக் குழுவுக்குப் போகிறார்கள், கொட்டாஞ்சேனைக்காரர் தெற்குப் பக்கமும் வெள்ளவத்தைக்காரர் வடக்குப் பக்கமும். அது நல்ல யோசனை. பஸ்ஸில் இன்னும் முக்கால் மணித்தியாலம் போகும், பரவாயில்லை. நான் முன்னே பெயர், தெரு எதுவும் சொல்லாததும் இதற்காகத்தான். தெரிந்த ஆள் ஒருவர் உள்ளே இருந்தால் என்ன செய்வது? அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார், சொல்லிவிட்டால் அவருக்கும் நட்டம். அப்படி நேருக்கு நேர் கண்டவர்கள் வெளியே கோயில் திருவிழாவில் சந்தித்தால் சும்மா தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

மொழி அடுத்தது. சேரும் முன் எந்த மொழியில் நடக்கிறது என்று கேட்டுவிடுங்கள். சிங்களமோ ஆங்கிலமோ கலந்து நடக்கிற கூட்டத்தில் கேட்பதற்கு ஒருமாதிரிச் சமாளித்துவிடலாம், கதைப்பதுதான் சிக்கல். கடையில் வேலை செய்கிற அளவுக்குச் சிங்களம் நன்றாக வருகிறவர்களுக்கும், இரவு நடந்ததைச் சொல்ல வரும்போது வார்த்தை தொண்டையில் நின்றுவிடும். எங்கள் வட்டத்தில் ஒரு சிங்கள அம்மா, "தமிழிலேயே சொல்லுங்க, எனக்குச் சொல் விளங்காட்டியும் பரவாயில்லை" என்று ஒரு பெண்ணிடம் உடைந்த தமிழில் சொன்னார். பதில் சொல்லத் தேவையில்லாத இடம் என்பதால் அது நடந்தது. இருந்தாலும் தமிழில் நடக்கிற குழு கிடைத்தால் அதுவே மேல். மூன்று நாலு தமிழ் ஆட்கள் சேர்ந்தால் தாங்களே வேறொரு நாளில் தமிழ்க் கூட்டம் தொடங்கலாம், இப்படியான குழுக்கள் பெருகியதே அந்த விதத்தில்தான்.

மதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பன்னிரண்டு படிகளில் கடவுள் வருவார், கூட்டம் ஒரு சிறு பிரார்த்தனையோடு முடியும், பல இடங்களில் தேவாலய மண்டபத்தில்தான் நடக்கும். அதனால் இது மதம் மாற்றும் கூட்டம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அவரவர் விளங்கிக்கொள்ளும் கடவுள் என்றுதான் அந்தப் படிகளே சொல்கின்றன. சைவ ஆட்களும் முஸ்லிம் ஆட்களும் கடவுளே வேண்டாம் என்பவர்களும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாராவது உங்களைச் சபைக்கு அழைத்தால் அது அந்த ஆளின் வேலை, குழுவின் வேலை இல்லை, நடத்துகிறவரிடம் சொல்லலாம்.

கடைசியாக, முதல் நாள் போவதைப் பற்றி எல்லோரும் கேட்கிற கேள்வி: வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவது? அடிக்கிற ஆள் என்றால் சொல்லவேண்டாம், தையல் வகுப்போ பிரார்த்தனையோ எது பொருந்துமோ அதைச் சொல்லிவிட்டு வாருங்கள், பாதுகாப்புத்தான் முதலில். மற்றவர்கள் உண்மையைச் சொல்வதே நல்லது, ஆனால் சின்னதாக: "எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கு, அதுக்கு ஒரு இடத்துக்குப் போறேன்." உங்களால்தான் போகிறேன் என்று சேர்க்கவேண்டாம், அது சண்டைக்கு வழி. திரும்பி வந்து அங்கே கேட்டதை வைத்து அவருக்குப் பாடம் எடுக்கவும் வேண்டாம், கொடுத்த துண்டுப் பிரசுரத்தை அவர் காணும்படி மேசையில் வைக்கவும் வேண்டாம். பத்து நிமிடம் முந்திப் போங்கள், கதவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள், கைப்பையில் ஒரு தண்ணீர்ப் போத்தலும் திரும்பி வர பஸ் காசும் இருந்தால் போதும். உங்கள் முறை வந்தால் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, இன்றைக்குக் கேட்க வந்தேன் என்று சொல்லுங்கள்.